கிள்ளச் சொன்னது எதை?



ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பொருள் கெடும் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். கெட்டால் என்ன நேரும் என்பதைப் பள்ளியில் யாரும் காட்டவில்லை. அதை நான் சென்ற கோடை விடுமுறையில், உடும்பஞ்சோலையில், எங்கள் வீட்டு வாசற்படியில் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

உடும்பஞ்சோலை கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏலமலையில் உள்ள ஊர். என் பெற்றோர் பிழைப்புத் தேடித் தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியே மலையேறியவர்கள். அம்மா இன்றும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். எங்கள் வட்டாரத்தில் பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் ஏலத்திற்கென்றே ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவு தூரடியில் குனிந்து நிற்பவரிடம் போய்ச் சேர வேண்டுமானால், நடுவில் ஒருவர் அதைத் தமிழாக்கத்தான் வேண்டும்.

அந்த நடுவில் நிற்கும் வேலை எனக்கு வாய்த்தது. ஏலப்பயிரின் நோய்களைப் பற்றி ஓர் அறிஞர் ஆங்கிலத்தில் ஆற்றிய உரையின் குறிப்பு, நான்கு பக்கம், ஊர் நண்பர்களிடம் இருந்தது. பருவமழை தொடங்குமுன் அதை ஒற்றைத் தாளாகத் தமிழில் அச்சிட்டுத் தோட்டங்களில் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாவரவியல் முதுகலை படிக்கிறவன் என்பதால் என்னிடம் தந்தார்கள். ஒரே மாலையில் முடித்துவிட்டேன். நோய்களின் பெயரும் மருந்துகளின் பெயரும் எனக்குத் தொல்லை தரவில்லை. தொல்லை தந்தவை மூன்றே மூன்று மரபுத்தொடர்கள்.

முதலாவது ‘நிப் இன் தி பட்’ என்பது. கட்டே எனப்படும் தேமல் நோயைப் பற்றிய இடத்தில் அது வந்தது. இந்த நோய் ஒரு நச்சுயிரியால் வருவது. இளங்குருத்திலையில் வெளிறிய சிறு கோடுகளாகத் தொடங்கி, நரம்பின் போக்கிலேயே பட்டை பட்டையாகப் படரும். தூர் உடனே சாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக் காய்ப்புக் குறையும். அதனால் ‘இருக்கிறவரை காய்க்கட்டுமே’ என்று விட்டுவைக்கத் தோன்றும். ஆனால் அசுவினிப் பூச்சி நோய்பட்ட தூரின் சாற்றை உறிஞ்சிவிட்டு அடுத்த தூருக்குப் போகும்போது நச்சுயிரியும் உடன் போகிறது. இதை மருந்தடித்துக் குணப்படுத்த முடியாது. தூரைக் கிழங்கோடு பெயர்த்து அழிப்பது ஒன்றே வழி. அதையும் கண்டவுடனே செய்ய வேண்டும். அந்த ‘உடனே’யைத்தான் அறிஞர் அந்தத் தொடரால் சொன்னார்.

நான் எழுதியது: “கட்டே நோயை மொட்டிலேயே கிள்ளிவிட வேண்டும்.”

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஏன்யா, சரத்துல இருக்கற மொட்டையா கிள்ளணும்? மொட்டு போனா காய் ஏது?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ‘ஆங்கிலத் தொடரை அப்படியே வைத்தது தவறு, தமிழிலேயே இதற்கு ஒரு தொடர் இருக்கிறதே’ என்று எண்ணி, “முளையிலேயே கிள்ளி எறிய வேண்டும்” என்று மாற்றினேன். நல்ல தமிழ், பேச்சிலும் எழுத்திலும் வழங்குவது, எந்த ஆசிரியரும் சரியென்று குறியிடுவார். மீண்டும் படித்தேன்.

“அப்போ புதுசா வர்ற தட்டையைக் கிள்ளிடவா?”

இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏலத்தில் தட்டை என்பது கிழங்கிலிருந்து எழும்பும் தண்டு. இன்று முளைக்கும் தட்டைதான் நாளைய காய்ப்பு. “அப்படிச் செய்யமாட்டீர்கள் அல்லவா, அம்மா?” என்று கேட்டேன். “தாள்ல போட்டிருக்குன்னு கங்காணி சொன்னா செய்யத்தான் செய்வோம்” என்றார்.

இங்கேதான் நான் பள்ளியில் கற்காத பாடம் இருந்தது. தமிழ் மரபுத்தொடரைத் தேடிப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மரபுத்தொடர் ஓர் உவமை. பேசப்படும் பொருள் வேறாகவும் உவமை வேறாகவும் இருக்கும்வரைதான் அது உவமையாக நிற்கும். நகரத்து மேடையில் ‘முளையிலேயே கிள்ளு’ என்றால் யாரும் செடியை நினைப்பதில்லை. செடியின் முன்னால் நின்று சொன்னால் உவமை மறைந்து, சொல் கட்டளையாகிவிடுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பைத் திருத்துகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தொடரிலுள்ள பொருள்கள் கட்டுரையின் களத்திலும் உண்மையாகவே இருக்கின்றனவா என்பதை. இருந்தால், அத்தொடர் எவ்வளவு அழகான தமிழாயினும் அங்கே ஆகாது.

இரண்டாவது தொடர் ‘ஆசிட் டெஸ்ட்’. மழைக்காலத்தில் ஏலக்காயைக் கெடுக்கும் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, இரண்டையும் மூன்றாவது பாத்திரத்தில் ஒருசேர ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. கலவையில் சுண்ணாம்பு போதாவிட்டால் மிஞ்சிய துத்தம் இலையைக் கருக்கிவிடும். அதைக் கண்டறியத் துருவில்லாத கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்புத் தண்ணீர் இன்னும் சேர்க்க வேண்டும். இந்தக் கத்திச் சோதனையை அறிஞர் ‘கலவையின் ஆசிட் டெஸ்ட்’ என்றார். நானும் தயங்காமல் ‘அமிலச் சோதனை’ என்று எழுதிவிட்டேன்.

தயங்காததற்குக் காரணம் என் படிப்பே. துத்தக் கரைசல் அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பு அதைச் சமன்செய்கிறது. ஆகவே அமிலம் என்ற சொல் அங்கே பொருத்தமாகவே தோன்றிற்று. உண்மையில் அந்தத் தொடர், பொன்னை அமிலம் இட்டுச் சோதித்த பழைய வழக்கத்திலிருந்து வந்தது. ஐயத்தைத் தீர்க்கும் சோதனை என்பதே அதன் பொருள். கத்தியில் நிகழ்வதும் வேறு: கரைசலிலுள்ள செம்பை இரும்பு வெளியேற்ற, அந்தச் செம்பு கத்தியின்மேல் படிகிறது. அறியாதவர் செய்யும் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம்; பாதி அறிந்தவர் செய்யும் பிழை பார்ப்பதற்குச் சரிபோலவே இருப்பதால் கண்ணுக்குத் தப்பும். அந்தத் தாளைப் படித்துவிட்டு யாரேனும் கலவையில் அமிலம் ஊற்றியிருந்தால் பழி என்னுடையது.

தமிழில் உரைகல் என்ற சொல் இதற்கு நேர். ‘கத்தியே கலவையின் உரைகல்’ என்று எழுதிப் பார்த்தேன். எழுதியவனுக்கு இனிமை, செய்கிறவருக்குப் பயன் இல்லை. கத்தியைக் கல்லில் உரைப்பதா என்ற ஐயமும் எழக்கூடும். முடிவில் உவமையையே விட்டுவிட்டேன்: “அடிப்பதற்குமுன் கட்டாயம் கத்தியை முக்கிப் பார்க்கவும்.” ஆங்கிலத் தொடரின் அழுத்தம் முழுவதும் ‘கட்டாயம்’ என்ற ஒரு சொல்லில் வந்துவிட்டது.

மூன்றாவது தொடரில் மட்டும் எனக்கு நல்வாய்ப்பு. ‘மழையில் மருந்தடிப்பது மணி டவுன் தி டிரெய்ன்’ என்று குறிப்பில் இருந்தது. நான், “பணம் வடிகாலில் போவதாகும், மழை பெய்கையில் மருந்தடிப்பது” என்று ஆங்கிலத்தின் வரிசையிலேயே வைத்திருந்தேன். எங்கள் மலைச்சரிவில் வடிகால் என்றால் மழைநீர் ஓட வெட்டிய வாய்க்கால்; அதில் பணம் எப்படிப் போகும்? மாற்றி எழுதினேன்: “மழையில் அடித்த மருந்து ஆற்றில் கரைத்த புளி.” அம்மா உடனே தலையசைத்தார். இங்கே ஆறும் இல்லை, புளியும் இல்லை. ஆகவே உவமை உவமையாகவே நின்றது. வீண் என்ற பொருளும் முழுமையாக வந்தது. சொல்வரிசையும் தானாகத் தமிழ்வரிசையாயிற்று. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது முன்னே, அதைப் பற்றிச் சொல்வது பின்னே.

இந்த மூன்றிலிருந்தும் நான் வகுத்துக்கொண்ட முறை இது. முதலில் ஆங்கிலத் தாளை மூடிவிட்டு, அந்த இடத்தில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பதை வெறுந்தமிழில் ஒரு வரி எழுதுவேன். அந்த வரி எழுத வராவிட்டால் எனக்கே பொருள் விளங்கவில்லை என்று கொள்வேன். அடுத்து, அதே அழுத்தமுள்ள தமிழ்த்தொடர் உண்டா, அது களத்தோடு முட்டுகிறதா என்று பார்ப்பேன். முட்டினால் வெறுந்தமிழ் வரியே நிற்கும். கடைசியாக, ஆங்கிலத்தைப் பாராத ஒருவருக்குப் படித்துக் காட்டுவேன். ‘புரிகிறதா?’ என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதைக்காகப் ‘புரியுது’ என்றே சொல்லிவிடுவார்கள். ‘இதைக் கேட்டு என்ன செய்வீர்கள்?’ என்று கேட்பேன்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தவை எல்லாமே தமிழில் நிலைக்காமல் போனதும் இல்லை. ‘முதலைக் கண்ணீர்’, ‘பனிப்போர்’ போன்றவை ஆங்கிலத் தொடர்களின் நேர்ப்பெயர்ப்பே. இன்று அவை நம் சொற்கள். செய்தித்தாளில் பலகாலம் பலமுறை கண்டு பழகியதால் அவை வேர்விட்டன. ஒரே ஒருமுறை கையில் கிடைத்து, அன்றே பின்பற்றப்படும் தாளுக்கு அந்தக் காலமும் பழக்கமும் இல்லை. புதுத்தொடரை நட்டுப் பார்க்கும் இடம் அதுவன்று.

கட்டே நோய்க்கு முடிவில் நான் எழுதியது இவ்வாறு: “குருத்திலையில் வெளிறிய கோடு கண்ட அன்றே தூரைக் கிழங்கோடு பெயர்த்து அழிக்கவும். இலையையோ தட்டையையோ மட்டும் ஒடித்தால் நோய் போகாது.” ஆங்கிலத்தில் நான்கு சொல்லில் வந்த கருத்துக்குத் தமிழில் இரண்டு வாக்கியம். அதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

“இதைக் கேட்டால் என்ன செய்வீர்கள், அம்மா?” என்றேன்.

“கங்காணியக் கேக்காம ஒரு தூரைப் பிடுங்க முடியுமாய்யா? அவர்ட்ட காட்டிட்டுத்தான் எடுப்பேன்.”

ஆங்கிலக் குறிப்பில் கங்காணி இல்லை. ஆனால் அவர் இல்லாமல் எங்கள் தோட்டத்தில் ஒரு தூரும் பெயராது. ‘கண்ட அன்றே’ என்பதை அடுத்து ‘கங்காணியிடம் காட்டி’ என்று சேர்த்து, தாளை அச்சுக்குக் கொடுத்தேன்.