கட்டி முடித்த வீட்டின் படத்துக்குக் கீழே ஒப்பந்ததாரர் எழுதுவது எந்த அளவுக்கு அவரைக் கட்டுப்படுத்தும்?

கேள்வி: உடுமலைப்பேட்டையில் வீடு கட்டித் தரும் சிவில் ஒப்பந்ததாரர் ஒருவர், அண்மையில் ஒப்படைத்த வீட்டின் படங்களை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வெளியிட இருக்கிறார். படத்தின் கீழ் அவர் எழுத எண்ணியுள்ள வாசகம்: "உடுமலையில் 1,650 சதுர அடி வீடு. ஐந்தே மாதத்தில் சாவி உங்கள் கையில். ஏ டு இசட் அனைத்து வேலைகளும். நேரில் பார்க்க ரூ.1,000 செலுத்தி இன்றே முன்பதிவு செய்யுங்கள்." வேலையின் விவரத்தையும் அவர் இணைத்துள்ளார். வானம் தோண்டியது 2025 பிப்ரவரி 3. பேஸ்மென்ட் முடிந்தது மார்ச் 24. சாவி கொடுத்தது ஆகஸ்ட் 22. காம்பவுண்டு சுவருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தனிக் கணக்கு. கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பு வீட்டு இணைப்பாக மாறியது செப்டம்பரில். பரப்பில் போர்ட்டிகோ 140 சதுர அடியும் மாடிப்படி ஹெட்ரூம் 90 சதுர அடியும் அடக்கம். இந்த வாசகத்தால் பின்னர் வழக்கு ஏதும் வருமா, ரெரா பதிவு வேண்டுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்: இரண்டாவது கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016, தன் 3ஆம் பிரிவில் பதிவின்றி விளம்பரம் செய்யக்கூடாது என்று தடுப்பது, மனையையோ அடுக்ககத்தையோ கட்டடத்தையோ பொதுமக்களுக்கு விற்கும் 'மேம்பாட்டாளரை'யே ஆகும். உரிமையாளரின் சொந்த நிலத்தில், அவருக்காக, கூலிக்கோ பொருளுடன் கூடிய ஒப்பந்தத்துக்கோ ஒரு வீட்டைக் கட்டித் தருபவர் எதையும் விற்பதில்லை என்பதால் அவருக்குப் பதிவு தேவைப்படாது. அவரே நிலம் வாங்கி வீடுகள் கட்டி விற்கத் தொடங்கி, அந்நிலம் 500 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ பன்னிரண்டே கால் சென்ட்டைத் தாண்டுமானால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படுமானால், நிலைமை மாறிவிடும்.

முதல் கேள்விக்கு அவ்வளவு எளிதாக விடை கூற இயலாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, விளம்பரத்தைப் பொதுவாக 'முன்மொழிவு' எனக் கொள்ளாமல், முன்மொழிவு செய்ய வருமாறு விடுக்கும் அழைப்பாகவே கொள்வதால், படத்தைப் பார்த்து வந்த ஒருவர் "ஐந்து மாதத்தில் எனக்கும் கட்டித் தந்தே ஆகவேண்டும்" என்று அந்த வாசகத்தை மட்டும் காட்டி வற்புறுத்த இயலாது. ஆயினும் அந்த வாசகத்தை நம்பி அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறும் 'தவறான கூற்று' என்னும் கருத்து முன்னுக்கு வருகிறது. உண்மையல்லாத ஒரு செய்தியை உண்மையென்று தாமே நம்பிக் கூறினாலும், அதற்குப் போதிய ஆதாரமின்றி உறுதியாகக் கூறி மற்றவரை ஒப்பந்தத்துக்கு இசையச் செய்தால் அது தவறான கூற்றாகிவிடும். 19ஆம் பிரிவின்படி, ஏமாந்தவர் விரும்பினால் அந்த ஒப்பந்தத்தை நீக்கிவிடக்கூடும்.

நடைமுறையில் இதைவிட வலிமையானது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. வீடு கட்டித் தருவதும் 'சேவை'யே என்பதை லக்னோ மேம்பாட்டு ஆணையம் எதிர் எம்.கே.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993ஆம் ஆண்டிலேயே உறுதிப்படுத்தியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் இலக்கணமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவைக்குள் சேர்த்தே கூறுகிறது. 'விளம்பரம்' என்பதற்கு அச்சட்டம் தரும் பொருள் ஒளி, ஒலி, புகை, வாயு வரை நீளுகிற அளவுக்கு விரிந்தது. இணையமும் அதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருப்பதால், ஸ்டேட்டஸில் ஒரு நாள் மட்டும் இருந்து மறையும் படமும் விளம்பரமே. சேவையைப் பொய்யாக விவரிப்பது மட்டுமன்றி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் 2(28)ஆம் பிரிவின்படி தவறான விளம்பரமாகும். அனுப்பப்பட்டுள்ள வாசகத்தில் பெரும்பகுதி பச்சைப் பொய் அன்று. இடர் பெரும்பாலும் இருப்பது சொல்லாமல் விட்ட செய்திகளில்.

காலக்கெடுவை முதலில் ஆராய வேண்டும். மார்ச் 24 முதல் ஆகஸ்ட் 22 வரை 151 நாட்கள் என்பதால் ஐந்து மாதக் கணக்கு சரியாகவே வருகிறது. ஆனால் வீடு கட்டுகிறவர் வானம் தோண்டிய நாளிலிருந்தே வாடகையையும் கடன் வட்டியையும் கணக்கிடுபவர். அவருடைய கணக்கில் இதே வேலை பிப்ரவரி 3 முதல் 200 நாட்களாகிறது. பேஸ்மென்ட் மட்டத்திலிருந்து நாள் எண்ணுவது ஒப்பந்ததாரர்களிடையே வழக்கமாக இருக்கலாம். அந்த வழக்கம் படத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கோ விவசாயிக்கோ தெரிந்திருக்கும் என்று எந்த ஆணையமும் எடுத்துக்கொள்ளாது. ஆகவே தொடங்கிய கட்டத்தையும் முடிந்த கட்டத்தையும் தேதியோடு எழுதிவிடுவதே பாதுகாப்பானது.

காலத்தைக் குறைத்துக் காட்டுவதில் ஒப்பந்ததாரர்கள் எண்ணிப் பார்க்காத மற்றோர் ஆபத்தும் உண்டு. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ்.456:2000, சாதாரண போர்ட்லண்ட் சிமென்டில் வார்த்த தளத்தின் தாங்கு இடைவெளி 4.5 மீட்டருக்குள் இருந்தால் முட்டுகளை 7 நாட்களும், அதற்கு மேற்பட்டால் 14 நாட்களும் எடுக்கக் கூடாது என்கிறது. 6 மீட்டர் வரையிலான பீம்களுக்கு 14 நாட்களும், அதற்கு மேல் 21 நாட்களும் கூறுகிறது. நீராற்றலுக்கு, அதாவது வார்த்த கான்கிரீட்டை ஈரம் காயாமல் வைத்திருப்பதற்கு, சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாட்களும், இன்று பெரும்பாலும் பயன்படும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்டுக்கு 10 நாட்களும் வேண்டும். வெயிலும் வறட்சியும் மிகுந்த காலத்தில் அவை 10, 14 என உயரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் உடுமலைப் பகுதியில் தளத்தின் ஈரம் எவ்வளவு விரைவாகக் காயும் என்பது கொத்தனார்களுக்குத் தெரிந்ததே. பின்னாளில் தளத்தில் வெடிப்பு கண்டு வழக்கு நடந்தால், "இத்தனை நாளில் முடித்தோம்" என்ற பெருமித வாசகமே, முட்டு முன்கூட்டி எடுக்கப்பட்டது என்பதற்கான சான்றாக எதிர்த்தரப்பால் காட்டப்படும். பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவில் கூறியுள்ள சான்றிதழை இணைத்தால், கைபேசியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டின் அச்சுப்படியும் ஆவணச் சான்றாக ஏற்கப்படும். பதிவை நீக்கிவிடுவது இங்கே உதவாது.

காலம் தவறியதன் விளைவு என்ன என்பதை, படவிளக்கத்தில் அல்லாமல் முத்திரைத்தாள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே முறை. ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி, காலமே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இருதரப்பும் கருதியிருந்தால், தவறும்போது உரிமையாளர் ஒப்பந்தத்தையே நீக்கலாம். ஆனால் கால நீட்டிப்புக்கும் தாமதத்துக்கு இழப்பீட்டுக்கும் விதி எழுதியுள்ள கட்டுமான ஒப்பந்தத்தில், காலத்தைப் பொதுவாக அவ்வாறு கொள்ள இயலாது என்று ஹிந்த் கன்ஸ்ட்ரக்‌ஷன் கான்ட்ராக்டர்ஸ் எதிர் மகாராஷ்டிரா அரசு (1979) வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

அடுத்தது வேலையின் எல்லை. 1,650 சதுர அடியில் போர்ட்டிகோவையும் ஹெட்ரூமையும் கழித்தால் மீதி 1,420 சதுர அடியே. போர்ட்டிகோவுக்குச் சில ஒப்பந்தங்களில் முழு விகிதமும் சிலவற்றில் பாதி விகிதமும் போடப்படுவதால், மொத்தப் பரப்பை மட்டும் கூறுவது ஒப்பிட்டுப் பார்ப்பவரை வழிதவறச் செய்யும். 'ஏ டு இசட்' என்பது அதைவிடக் கேடானது; காம்பவுண்டும் தொட்டியும் தனிக் கணக்கில் போன வீட்டுக்கு அவ்வாறு எழுதுவதை நியாயப்படுத்த எந்த வழக்கறிஞராலும் முடியாது. கீழே பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று சேர்ப்பதும் பயன் தராது. ஏனெனில் 2022 ஜூன் மாதம் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், பொறுப்புத்துறப்பு வாசகம் மூலக் கூற்றின் மொழியிலேயே, அதே எழுத்துருவிலேயே அமையவேண்டும் என்றும், முதன்மைக் கூற்றுக்கு முரணாக இருக்கக்கூடாது என்றும் கூறுகின்றன. புகார் செய்பவர் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதலாம் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இடம் தருகிறது. உடுமலைப்பேட்டைக்கு அவர் திருப்பூர் ஆட்சியர். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளம்பரத்தை நிறுத்தவும் திருத்தவும் உத்தரவிடலாம், பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இழப்பீடு கேட்பவரோ, கொடுத்த தொகை ஐம்பது லட்சத்துக்குள் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும்.

மூன்றாவதாக, நேரில் பார்க்கும் முன்பதிவு. ஆகஸ்ட் 22 அன்று சாவி கைமாறியதோடு அந்த வீட்டின் வாசலைத் திறந்துவிடும் உரிமை ஒப்பந்ததாரரிடமிருந்து போய்விட்டது. உரிமையாளரின் இசைவின்றி வெளியாட்களை அழைத்துச் செல்வது அத்துமீறலாகும். கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பதிப்புரிமைச் சட்டம், 1957, 52(1)(s) பிரிவு விலக்களித்தாலும், அந்த விலக்கு உள்ளறையில் குடும்பத்தார் வாழும் அந்தரங்கத்துக்கு நீளாது. ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு (1994) தீர்ப்பு, வீடு, குடும்பம் பற்றியவற்றை உரியவர் இசைவின்றி வெளியிடக்கூடாது என்று கூறியதையும் நினைவில் கொள்ளவேண்டும். எனவே எந்தெந்தப் படங்கள், எந்த நாட்களில், எத்தனை பேர் வரை என்பதை உரிமையாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்வதும், கதவு எண்ணையும் பெயரையும் படத்தில் காட்டாமல் விடுவதும் நல்லது. கட்டிக்கொண்டிருக்கும் வேறொரு தளத்தைக் காட்டுவதானால், தலைக்கவசமின்றி முட்டுகளுக்கிடையே வந்தவருக்குக் காயம் ஏற்பட்டால் கவனக்குறைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் ஒப்பந்ததாரரே.

ஆயிரம் ரூபாய் எதற்காக, வேலை எடுத்துக்கொண்டால் கழிக்கப்படுமா, வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பவை எழுதப்படாவிட்டால் அந்தத் தொகையே தகராறாகும். வேண்டாமென்று விட்டுவிடுவது இன்னும் சிறந்தது. இவை யாவற்றையும் மனத்திற்கொண்டு வாசகத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"உடுமலைப்பேட்டையில் கட்டி முடித்த வீடு. மொத்தப் பரப்பு 1,650 சதுர அடி. இதில் போர்ட்டிகோ 140, ஹெட்ரூம் 90 அடக்கம். வானம் தோண்டியது 3.2.2025, சாவி ஒப்படைத்தது 22.8.2025. காம்பவுண்டு சுவரும் தண்ணீர்த் தொட்டியும் தனிக் கணக்கு. வேறு வீட்டுக்கான காலம் மண், வரைபடம், மழை ஆகியவற்றைப் பொறுத்து ஒப்பந்தத்தில் தனியே எழுதப்படும். உரிமையாளர் இசைவுடன் குறித்த நாட்களில் மட்டும் நேரில் பார்க்கலாம். முன்பதிவுக்குக் கட்டணம் இல்லை."

முன்பதிவு செய்பவர் தரும் தொலைபேசி எண்ணைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம்பிக்கையின் பேரில் ஒருவர் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்தின் அனுமதியின்றி மற்றவருக்கு வெளியிடுவதை அதே நுகர்வோர் சட்டம் 2(47)ஆம் பிரிவில் நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்திருப்பதால், அந்தப் பட்டியலை டைல்ஸ் கடைக்கோ வீட்டுக்கடன் முகவருக்கோ கைமாற்றும் வழக்கம் இருக்குமானால் அதை நிறுத்திவிட வேண்டும்.