நெற்குவியலில் ஒரு சங்கிலி விதி

பன்னிரண்டாம் வகுப்பில் பகுதி வகைக்கெழுக்களுக்குப் பிறகு சங்கிலி விதி வருகிறது. r, h இரண்டையும் t-இன் சார்புகளாகக் கொடுத்துவிட்டால், மாணவர்கள் பிரதியிட்டு, ஒரே மாறியில் வகையிட்டு முடித்துவிடுவார்கள். விதியின் தேவையே அவர்களுக்குத் தெரியாது. அதனால் நான் ஒரு கணத்தின் அளவுகளை மட்டும் கொடுப்பேன்.

களத்தில் கூம்பு வடிவில் நெற்குவியல். ஆரம் 120 செ.மீ., உயரம் 80 செ.மீ. ஆரம் நிமிடத்திற்கு 3 செ.மீ. கூடுகிறது, உயரம் நிமிடத்திற்கு 4 செ.மீ. குறைகிறது. அக்கணத்தில் குவியலில் நெல் சேர்கிறதா, குறைகிறதா?

V = πr²h/3. விதிப்படி,

dV/dt = (∂V/∂r)(dr/dt) + (∂V/∂h)(dh/dt)

∂V/∂r = 2πrh/3 = 6400π. ∂V/∂h = πr²/3 = 4800π. ஆகவே dV/dt = 6400π × 3 + 4800π × (−4) = 19200π − 19200π = 0. நெல் சேரவும் இல்லை, குறையவும் இல்லை. யாரோ குவியலைப் பரப்புகிறார், அவ்வளவுதான்.

விடை பூச்சியமாக வருமாறு எண்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். பிழை உடனே வெளிப்படும். உயரத்தை மாறிலியாக எண்ணி இரண்டாம் உறுப்பை விட்ட மாணவருக்கு 19200π கிடைக்கும். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 லிட்டர் நெல் எங்கிருந்தோ வந்து விழுகிறது! குறைகிறது என்பதற்குரிய கழித்தல் குறியை மறந்தவருக்கு அதைப்போல இருமடங்கு. இரு பகுதி வகைக்கெழுக்களை மட்டும் கூட்டியவருக்கு 11200π வரும். அவரிடம் அலகைக் கேட்டால் போதும். ∂V/∂r-இன் அலகு ச.செ.மீ.; dr/dt-ஆல் பெருக்கினால்தான் நிமிடத்திற்குக் கன செ.மீ. ஆகும்.

ஒருமுறை ஒரு மாணவி மடக்கினாள்: "சார், ஒரு நிமிஷம் கழிச்சு ஆரம் 123, உயரம் 76. கணக்குப் போட்டா கன அளவு 732π குறையுதே?" சரியான கேள்வி. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அதையே எடுத்துக்கொண்டோம். அதே வேகங்கள் s நிமிடம் நீடித்தால்,

V = π(120 + 3s)²(80 − 4s)/3

விரித்துப் பார்த்தால் கன அளவின் மாற்றம் −(720s² + 12s³)π. s மட்டும் உள்ள உறுப்பு அடிபட்டுப் போய்விட்டது. விதி சொன்ன பூச்சியம் அதுதான். மீதி, இரு அளவுகளும் சேர்ந்து மாறுவதால் வரும் உயர்படிகள். s = 1 எனில் 732π குறைவு; s = 0.1 எனில் 7.212π மட்டுமே. நேரத்தால் வகுத்தால் நிமிடத்திற்கு 732π, 72.12π; s = 0.01 எனில் ஏறத்தாழ 7.2π.

அப்படியானால் நெல் குறையாமல் ஒரு நிமிடம் முழுவதும் பரப்ப வேண்டுமானால் வேகங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்துக் கேட்டேன். dV/dt = 0 என்பதிலிருந்து dh/dt = −(2h/r)(dr/dt). r கூடி h குறையக் குறைய 2h/r சிறிதாகிறது. ஆரம் அதே 3 செ.மீ. வேகத்தில் விரிந்தால், உயரம் இறங்கும் வேகம் 4-இலிருந்து குறைந்துகொண்டே வர வேண்டும்.