பாலுக்கு ஏற்ற பாத்திரம்

பாலுக்கு அலுமினியப் பாத்திரம் நல்லதா, எவர்சில்வர் பாத்திரம் நல்லதா? பால் அதில் எவ்வளவு நேரம் இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை கூற முடியும்.

அலுமினியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, தன் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கிக் கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத இப்படலமே உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. புதிய பாலின் பி.எச். அளவு ஏறக்குறைய 6.7 ஆகும். அதாவது, அதன் அமிலத்தன்மை மிகக் குறைவு. ஆகவே, பாலைக் காய்ச்சியதும் வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிட்டால் படலத்திற்குப் பெரிய பாதிப்பு ஏற்படாது. மேலும், அலுமினியம் வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் அடிப்பகுதி முழுவதும் சீராகச் சூடேறும். மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்திலோ தீ படும் இடத்தில் மட்டும் சூடு மிகும். பால் எளிதில் அடிப்பிடிக்கும்.

பால் புளிக்கும்போது நிலைமை மாறுகிறது. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் பாலை இருவகைப் பாத்திரங்களிலும் பாதிப் பாதியாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி தயிரை உறையாக ஊற்றுவதாகக் கொள்வோம். பாக்டீரியாக்கள் பாலிலுள்ள லாக்டோசை லாக்டிக் அமிலமாக மாற்றும். காலையில் தயிரின் பி.எச். ஏறக்குறைய 4.5 ஆகக் குறைந்திருக்கும். அப்போது இரண்டிற்கும் வேறுபாடு தெரியாமல் இருக்கலாம். ஆனால், தயிரை அப்படியே நாள்கணக்கில் வைத்திருந்தால், அமிலம் அலுமினியத்தின் படலத்தை மெல்லக் கரைத்து உலோகத்தையும் அரிக்கும். கரைந்த உலோகம் தயிரில் கலந்து, நாக்கில் உலோகச் சுவை தட்டும். உப்பிட்ட மோரில் இந்த அரிப்பு இன்னும் கூடும்.

எவர்சில்வரில் இரும்போடு குரோமியமும் கலந்துள்ளது. பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் வகையில் குரோமியத்தின் அளவு ஏறத்தாழ 18 விழுக்காடு. அது உருவாக்கும் ஆக்சைடு படலத்தைத் தயிரின் அமிலம் கரைப்பதில்லை. அதனால், தயிரின் சுவையும் மாறுவதில்லை.

பாத்திரத்தைக் கழுவும்போதும் இவ்வேறுபாடு வெளிப்படும். கறுத்த அலுமினியப் பாத்திரத்தைப் புளியிட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அழுக்கு மட்டும் நீங்கியதால் வந்த பளபளப்பன்று அது; மேற்பரப்பே சிறிது கரைந்துவிட்டது. நாளடைவில் நுண்ணிய குழிகள் தோன்றும். அவற்றில் தங்கும் பாலாடையில் பாக்டீரியாக்கள் பெருகி, அடுத்து ஊற்றும் பாலை விரைவில் புளிக்க வைக்கும். கழுவிய பாத்திரத்தை வெள்ளைத் துணியால் துடைக்கும்போது சாம்பல் நிறம் ஒட்டினாலோ, விரலால் தடவும்போது சொரசொரப்பு தெரிந்தாலோ, அப்பாத்திரத்தைப் பாலுக்குப் பயன்படுத்தாமல் விடுவதே நல்லது.

எவர்சில்வரில் படியும் வெண்ணிறப் பால்கறையை நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊறவைத்து எளிதில் நீக்கலாம். ஆயினும், உப்புநீரை அதில் நெடுநேரம் தேக்கி வைக்கக்கூடாது. எவர்சில்வரிலும் குழிகள் விழக்கூடும்.

ஆகவே, பாலைக் காய்ச்சி உடனே மாற்றுவதற்கு அலுமினியம் போதும். பாலைச் சேமிக்கவும் தயிர் உறைய வைக்கவும் எவர்சில்வரே ஏற்றது.