சீழில்லாச் சீழ்க்கட்டி

நுழையும்முன்

உடலில் சீழ் கட்டினால் அதனைக் கீறி வெளியேற்ற வேண்டும் என்பது பழங்காலந்தொட்டு வழங்கிவரும் மருத்துவ அறிவு. அவ்வறிவு பெரும்பாலும் பொருந்தாத கட்டி ஒன்று கல்லீரலில் தோன்றுகிறது. பெயரளவில் அது சீழ்க்கட்டி. ஆனால், அதனுள் இருப்பது சீழன்று. அது தோன்றும் முறையையும், பாக்டீரியாவால் உண்டாகும் கட்டியிலிருந்து அதனைப் பிரித்தறியும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

நுண்ணோக்கியில் தெரிந்த உண்மை

1890ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவர் ஒரு நோயாளியை ஆராய்ந்தார். நோயாளியும் ஒரு மருத்துவரே. அவர் பனாமாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, நாட்பட்ட வயிற்றுக்கடுப்புடன் திரும்பியிருந்தார். அவருடைய கல்லீரல் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட நீர்மத்தை நுண்ணோக்கியில் நோக்கியபோது, வடிவத்தை மாற்றிக்கொண்டு நகரும் அமீபாக்கள் தென்பட்டன. குடலில் வாழும் ஓர் உயிரி கல்லீரலில் காணப்பட்டது எவ்வாறு? இந்நோயைப் புரிந்துகொள்ள இவ்வினாவே திறவுகோல்.

குடலிலிருந்து கல்லீரலுக்கு

இந்நோயை உண்டாக்கும் ஒருசெல் உயிரியின் பெயர் எண்டமீபா ஹிஸ்டோலைட்டிகா. ‘ஹிஸ்டோலைட்டிகா’ என்பதற்குத் ‘திசுவைக் கரைப்பது’ என்பது பொருள். இவ்வுயிரிக்கு இரண்டு நிலைகள் உண்டு. தடித்த உறையும் நான்கு உட்கருக்களும் கொண்ட சிஸ்ட் ஒருநிலை. நகர்ந்து, உண்டு, பெருகும் டிரோஃபோசோயிட் மற்றொரு நிலை. நோயுற்றவரின் மலத்தால் மாசடைந்த நீர் அல்லது உணவின் வழியே சிஸ்ட் உடலுக்குள் புகுகிறது. வயிற்றின் அமிலம் அதன் உறையை அழிப்பதில்லை. குடிநீரில் வழக்கமாகக் கலக்கப்படும் அளவு குளோரினுக்கும் அது தப்பிவிடுகிறது. நீரைக் கொதிக்க வைத்தால் உறுதியாக மடிகிறது.

சிறுகுடலில் உறை நீங்கி வெளிப்படும் டிரோஃபோசோயிட்டுகள் பெருங்குடலை அடைகின்றன. தொற்றுற்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேருக்கு அவை எந்தத் தொல்லையும் தராமல் அங்கேயே தங்குகின்றன. சிலருக்கு மட்டும் அவை குடலின் சளிப்படலத்தைக் கரைத்துச் சுவரைத் தொடுகின்றன. அமீபாவின் மேற்பரப்பிலுள்ள லெக்டின் என்னும் புரதம், குடற்செல்களின் மேலுள்ள கேலக்டோஸ் போன்ற சர்க்கரைக் கூறுகளைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய செல்லை அமீபா கொன்று, சுவரைத் துளைத்துப் புண்ணாக்குகிறது. அப்புண் மேலே குறுகிய வாயும் உள்ளே அகன்ற வயிறும் கொண்ட குடுவையின் வடிவில் அமைகிறது.

புண்ணின் அடியில் நுண்ணிய சிரைகள் உள்ளன. குடலின் குருதி நேராக இதயத்திற்குச் செல்வதில்லை. உண்ட உணவின் சத்துக்களைச் சுமந்து கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலை அடைகிறது. அதே பாதையில் அமீபாவும் பயணம் செய்கிறது. கல்லீரலின் வலமடல் அளவில் பெரியது. பெருங்குடலின் வலப்பகுதியிலிருந்து வரும் குருதியில் பெரும்பங்கும் அதற்கே செல்கிறது. ஆகவே, கட்டி பெரும்பாலும் வலமடலில், ஒன்றே ஒன்றாகத் தோன்றுகிறது.

கட்டிக்குள் இருப்பது

அமீபாவை எதிர்க்க வெள்ளணுக்கள் விரைகின்றன. அமீபா அவற்றையும் கொல்கிறது. மடிந்த வெள்ளணுக்களிலிருந்து கசியும் நொதிகள் அருகிலுள்ள கல்லீரல் செல்களையும் அழிக்கின்றன. வீட்டைக் காக்க வந்த படையே வீட்டுக்குத் தீ வைத்தது போன்ற நிலை அது. இவ்வாறு கரைந்த கல்லீரல் திசுவே கட்டியின் நடுவில் தேங்குகிறது. அது கெட்டியான புளிக்கரைசலைப் போன்ற செம்பழுப்பு நிறமுடையது, பெரும்பாலும் நாற்றமற்றது. உயிருள்ள அமீபாக்கள் நடுவில் தங்குவதில்லை. உணவு கிடைக்கும் ஓரச்சுவரில்தான் வாழ்கின்றன. எனவே, நடுவிலிருந்து எடுத்த நீர்மத்தில் அமீபா தென்படவில்லை என்பதாலேயே நோய் இல்லை என முடிவு செய்வது பிழையாகும்.

பாக்டீரியாக் கட்டியின் இயல்பு

பாக்டீரியாக் கட்டியின் தோற்றம் வேறு. பித்தநாளத்தில் கல் அடைத்துத் தேங்கிய பித்தத்தின் வழியாகவோ, குடல்வால் அழற்சி போன்ற வயிற்று நோய்களின் வழியாகவோ பாக்டீரியாக்கள் கல்லீரலை அடைகின்றன. முதியோரும் நீரிழிவு உடையோரும் இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். ஆணும் பெண்ணும் பாதிக்கப்படுகின்றனர். அமீபாக் கட்டியோ நடுவயது ஆடவரிடையே பன்மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. பாக்டீரியாக் கட்டிகள் பலவாகத் தோன்றலாம். அவற்றுள் இருப்பது மெய்யான சீழ். அதனை வளர்ப்பூடகத்தில் இட்டால் பாக்டீரியாக்கள் பெருகும். மருந்துடன் அச்சீழையும் வெளியேற்றுவது பெரும்பாலும் இன்றியமையாதது.

ஒரு நோயாளியின் நிலை

இலங்கையின் யாழ்ப்பாணப் பகுதியில் அமீபாக் கட்டி கண்டோருள் மிகப் பலர் கள் அருந்தும் ஆடவர் என ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய முப்பத்தெட்டு வயது உழைப்பாளி ஒருவர் மருத்துவமனைக்கு வருவதாகக் கொள்வோம். பத்து நாள்களாகக் காய்ச்சல். வலப்பக்க விலாவின் கீழ் வலி. அவ்வலி வலத்தோளிலும் உணரப்படுகிறது. கட்டி உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலி தோன்றுகிறது. வயிற்றுப்போக்கு இல்லை, மலத்திலும் அமீபா காணப்படவில்லை. இவ்விரண்டும் வியப்புக்குரியன அல்ல. கட்டி வெளிப்படும் காலத்தில் பலருக்குக் குடல் நோய் அறிகுறி இருப்பதில்லை.

ஸ்கேனில் வலமடலில் ஏழு செ.மீ. அகலமுள்ள ஒற்றைக் கட்டி தெரிகிறது. அது எவ்வகைக் கட்டி என்பதைப் படம் உறுதியாகச் சொல்லாது. குருதியில் அமீபாவுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளது. எனினும், நோய் பரவியுள்ள ஊரில் அது பழைய தொற்றின் எச்சமாகவும் இருக்கலாம். நோயின் முதல் வாரத்தில் அது தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே, மருத்துவர் எந்த ஒரு சோதனையையும் தனியே நம்பாமல், அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோலையும் பாக்டீரியாவுக்கான மருந்தையும் சேர்த்தே தொடங்கி, குருதியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புகிறார்.

நான்காம் நாள் காய்ச்சல் தணிகிறது. வளர்ப்புச் சோதனையில் பாக்டீரியா எதுவும் வளரவில்லை. வயது, ஒற்றைக் கட்டி, எதிர்ப்பொருள், மருந்தின் பயன் ஆகிய அனைத்தும் ஒருதிசையைச் சுட்டுகின்றன. பாக்டீரியாவுக்கான மருந்து நிறுத்தப்படுகிறது. மெட்ரோனிடசோல் பத்து நாள்கள் தொடர்கிறது. ஊசியோ கத்தியோ தேவைப்படவில்லை. கட்டி மிகப்பெரிதாகி உடையும் நிலையில் இருந்தாலோ, இதய உறைக்கு அருகே இடமடலில் இருந்தாலோ, ஐந்து நாள்களாகியும் மருந்து பயன் தராவிட்டாலோ மட்டுமே ஊசியால் உறிஞ்சி எடுப்பர்.

இத்துடன் மருத்துவம் முடிவதில்லை. மெட்ரோனிடசோல் திசுவிலுள்ள அமீபாவைக் கொல்கிறது. குடலில் தங்கியுள்ளவற்றை முழுமையாக அழிப்பதில்லை. அவற்றை விட்டுவிட்டால் நோய் மீளலாம். சிஸ்டுகள் பிறருக்கும் பரவலாம். எனவே, குடலுக்குள்ளேயே செயல்படும் டைலாக்சனைடு போன்ற மருந்தும் அளிக்கப்படுகிறது. இரண்டு திங்கள் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டியின் குழி இன்னும் தெரிகிறது. இதனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காய்ச்சலும் வலியும் அகன்றபின், அழிந்த திசுவின் இடம் நிரம்பப் பல திங்கள் ஆகும்.

குறுவினா
1. கட்டியின் நடுவிலுள்ள நீர்மத்தில் அமீபா அரிதாகவே தென்படுவது ஏன்?

சிறுவினா
2. அமீபாக் கட்டி வலமடலில் மிகுதியாகத் தோன்றுவதன் காரணங்களை எழுதுக.

நெடுவினா
3. யாழ்ப்பாண நோயாளிக்கு அமீபாக் கட்டியே என மருத்துவர் முடிவுசெய்த முறையைச் சான்றுகளுடன் விளக்குக.