வாங்கியவருக்கே மீண்டும் விளம்பரம் வேண்டாம்

கடம்பத்தூரில் ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும் ஃபேஸ்புக்கில் மாதம் 6,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்கிறது. அது சென்றடையும் 12,000 பேரில் 1,200 பேர் ஏற்கெனவே அங்கே வாங்கியவர்கள் என்றால், சராசரியாகப் பார்த்தாலே 600 ரூபாய் வீண். உண்மையில் இன்னும் கூடலாம். கடையின் பக்கத்தைப் பின்தொடர்பவர்களும் விளம்பரத்தைத் தொடுபவர்களும் பெரும்பாலும் பழைய வாடிக்கையாளர்களாக இருந்தால், ஃபேஸ்புக் அவர்களையே தேடிப் போகலாம். மாநிலம் முழுக்க விளம்பரம் செய்பவருக்கு இது சில்லறை. சிறிய வட்டாரத்தில் விற்பவருக்குத்தான் பெரிய ஓட்டை.

பில் புத்தகத்திலுள்ள கைபேசி எண்களை, முன்னால் 91 சேர்த்து, Custom Audience பகுதியில் Customer list ஆக ஏற்றி, விளம்பரத்தில் Exclude செய்யுங்கள். வாங்கியவர் மறுபடி வாங்க மாட்டாரா என்று கேட்கலாம். வாங்குவார், ஆனால் ஃபில்டரை. அதற்கு அதே பட்டியலுக்குத் தனி விளம்பரமோ ஒரு போன் அழைப்போ போதும். கடையில் கொடுத்த எண்ணும் ஃபேஸ்புக் கணக்கின் எண்ணும் வேறாக இருந்தால் அவர் தப்பிவிடுவார். ஆகவே விலக்கு முழுமையாகாது, வீண்செலவு குறையும், அவ்வளவே. ஏற்றிய பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படாது. மாதந்தோறும் புதிய எண்களைச் சேருங்கள். எண் வாங்கும்போதே எதற்கென்று சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள்.