படிவம் 11: போட்டோவில் வந்ததை அப்படியே ஏற்றாதீர்கள்

புதிதாக வேலைக்குச் சேருபவர் பி.எஃப்.புக்காக நிரப்பித் தரும் படிவம் 11 இப்போது பெரும்பாலும் காகிதமாக நம் மேசைக்கு வருவதில்லை. கிளையிலிருந்தோ, ஆள் எடுத்துத் தரும் ஒப்பந்ததாரரிடமிருந்தோ வாட்ஸ்அப்பில் போட்டோவாக வருகிறது. சம்பளப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துப் போர்ட்டலில் ஏற்றுகிறார். அதில் இருக்கும் பிழை அன்றைக்குத் தெரியாது. அந்தத் தொழிலாளி நாலைந்து வருடம் கழித்துப் பணம் எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அதனால்தான் ஏற்றுவதற்கு முன்பு ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் செலவிடுங்கள் என்கிறேன்.

முதலில் எழுத்தைப் படிக்காதீர்கள். காகிதத்தின் நான்கு மூலையும் படத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுப்பவர் மேலே இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போனைப் பிடிப்பார், வெட்டுப்படுவது கீழ்ப்பகுதி. இந்தப் படிவத்தில் உறுதிமொழியும் தேதியும் உறுப்பினர் கையெழுத்தும் கீழேதான் இருக்கின்றன. அதற்கும் கீழே நிறுவனம் நிரப்ப வேண்டிய பகுதியும் அதன் கையெழுத்தும் முத்திரையும். ஆக, இரண்டு கையெழுத்து. ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு 'கையெழுத்து இருக்கிறது' என்று கடந்துபோவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு பக்கமாக அச்செடுத்திருந்தால் இரண்டாம் பக்கம் வரவே வராது. மூலை வெட்டுப்பட்டிருந்தாலோ, டியூப்லைட் வெளிச்சம் விழுந்து ஒரு வரி வெளுத்துப் போயிருந்தாலோ அதற்கு மேல் பார்க்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள். மறுபடி அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும்.

படம் முழுதாக இருந்தால் பக்கத்தில் ஆதார், பான், பாஸ்புக் படங்களையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை மட்டும் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அடையாள ஆவணத்தோடு ஒட்டிப் பார்த்தால்தான் முரண் வெளியே வரும்.

ஒரு தையல்காரர் படிவத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் குமார், அப்பா பெயர் செல்வராஜ். படிவத்தில் 'S. Kumar' என்று எழுதியிருக்கிறார். ஆதாரில் 'Kumar S'. பானில் 'Selvaraj Kumar'. பாஸ்புக்கில் 'Kumar Selvaraj'. நாலும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முன்னெழுத்தோடு வாழும் நம் ஊரில் இது பத்துப் பேரில் ஒருவருடைய கதை இல்லை, தினசரிக் கதை. பி.எஃப். கணக்குக்கு ஆதாரில் உள்ள பெயர்தான் அடிப்படை. அதனால் படிவத்தில் ஆதாரில் இருக்கிறபடியே, முன்னெழுத்து இருக்கும் இடம் உட்பட, எழுதச் சொல்லுங்கள். பானும் பாஸ்புக்கும் வேறு மாதிரி இருந்தால் இன்றே அவரிடம் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். கல்யாணமான பெண்களின் படிவத்தில் தந்தை பெயர், கணவர் பெயர் என்ற கட்டத்தைத் தனியாகப் பாருங்கள். எந்தப் பெயரை எழுதியிருக்கிறாரோ அதற்குரிய உறவைத்தான் டிக் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது தேதிகள். குமாரின் படிவத்தில் நாலு தேதி இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு துண்டுத்தாளில் நடந்திருக்க வேண்டிய வரிசையில் எழுதிப் பாருங்கள். பிறந்த தேதி 04/07/1993. முந்தைய கம்பெனியை விட்டது 30/06/2025. இங்கே சேர்ந்தது 23/06/2025. கையெழுத்திட்ட தேதி 16/06/2025.

எழுதியதுமே இரண்டு கோளாறு தெரிகிறது. பழைய வேலையை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே புது வேலையில் சேர்ந்திருக்கிறார். கேட்டால், 'மாசக் கடைசியில்தான் சார் கணக்கு முடிச்சாங்க, அதான் 30 போட்டேன்' என்பார். இரண்டு பணிக்காலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பழைய கணக்குப் பணத்தை இங்கே மாற்றும்போது விளக்கம் கேட்க நேரலாம். அவர் நினைவை நம்பாமல், உறுப்பினர் போர்ட்டலில் View, Service History என்ற இடத்தில் பழைய கம்பெனி என்ன தேதி போட்டிருக்கிறது என்று அவரையே திறந்து காட்டச் சொல்லுங்கள். பணி விடுவிப்புக் கடிதத்தையும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகும் தேதிதான் படிவத்தில் வர வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பழைய கம்பெனியிடம் பேசித் தீர்த்த பிறகு ஏற்றுங்கள். இரண்டாவது கோளாறு, கையெழுத்துத் தேதி சேர்ந்த தேதிக்கு முன்னால் இருப்பது. நேர்முகத் தேர்வு அன்றே படிவத்தை நீட்டி நிரப்ப வைத்தால் இப்படித்தான் வரும். சேரும் நாளில் நிரப்ப வையுங்கள்.

மூன்றாவது கோளாறு துண்டுத்தாளில் தெரியாது. ஆதாரில் பிறந்த தேதி 07/04/1993. நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டுமே 12-க்குள் இருக்கும் எண்கள் என்றால் கண் ஏமாந்துவிடும். அப்படிப்பட்ட தேதியை எப்போதும் ஆதாரோடு வைத்து, 'ஏப்ரல் ஏழு' என்று மாதப் பெயர் சொல்லி வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இனி எண்கள். ஆதாருக்கும் யூ.ஏ.என்.னுக்கும் 12 இலக்கம். கட்டம் மாறி எழுதிவிடுவார்கள். ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்காது. ஆகவே ஆதார் கட்டத்தில் 1-ல் தொடங்கும் எண் இருந்தால் அது தவறு. ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து, அதில் ஐந்தாவது பூஜ்யம். ஆங்கில ஓ எழுத்தாக எழுதியிருந்தால் திருத்த வேண்டும். SYNB என்று தொடங்கினால் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று பொருள். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது.

எனக்கு அதிகம் கவலை தரும் முரண் இன்னொன்று. 'இதற்கு முன் பி.எஃப். உறுப்பினராக இருந்தீர்களா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் செய்திருப்பார்; கீழே யூ.ஏ.என். எழுதியிருப்பார். அல்லது 'இல்லை' என்று மட்டும் இருக்கும், ஆளுக்கோ ஆறு வருட அனுபவம். அந்த 'இல்லை'யை நம்பிப் புது எண் உருவாக்க முயன்றால் ஒரே ஆளுக்கு இரண்டு எண் ஆகிவிடும் ஆபத்து உண்டு. பழைய பணமும் ஒரு பக்கம் கிடக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு போன் போட்டு, 'முன்னாடி வேலை பார்த்த இடத்தில் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தார்களா?' என்று கேளுங்கள். படிவத்தின் வாசகம் புரியாதவருக்கும் இந்தக் கேள்வி புரியும்.

பிழை கண்டால் நீங்களே போனில் படத்தின் மேல் எழுதித் திருத்தாதீர்கள், ஒயிட்னர் போடவும் விடாதீர்கள். ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அவரே கையெழுத்துப் போடட்டும். மூன்றுக்கு மேல் திருத்தம் என்றால் புதுப் படிவம் நிரப்புவதே நல்லது. எல்லாப் பிழையையும் ஒரே செய்தியில் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லி மூன்று முறை போட்டோ எடுக்க வைத்தால் நாலாவது முறை அவர் பார்க்காமலே அனுப்புவார்.

வேலை முடிந்ததும் படங்களை அலுவலகக் கோப்பில் சேர்த்துவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள், கேலரியிலும் தேடி அழியுங்கள். அதில் இருப்பது இன்னொருவருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும்.