பிரியாதிருத்தலின் கணக்கு

'அவ்வளவு துன்பப்படுகிறவள் ஏன் இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறாள்?' என்னும் கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. கேட்பவர்களே விடையும் சொல்லிவிடுவார்கள். 'அவன்மேல் அவளுக்கு அத்தனை ஆசை' என்பார் ஒருவர். 'துணிவு போதாது' என்பார் மற்றொருவர். இரண்டு விடையும் காரணத்தை அவளுடைய நெஞ்சுக்குள்ளேயே தேடுகின்றன. நெஞ்சுக்கு வெளியே என்ன இருக்கிறது, எது இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் இக்கேள்விக்கு விடை கிடைக்கும் என்று கூறும் கொள்கை ஒன்று உளநூலில் உண்டு. அதனை முதலீட்டுக் கொள்கை என்பர். கேரில் ரஸ்பல்ட் என்னும் அமெரிக்க அம்மையார் 1980இல் அதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஓர் உறவை விடாமல் தொடர வேண்டும் என்னும் உள்ளத்தின் உறுதியை இங்கே பற்றுறுதி என்று குறிப்போம். பற்றுறுதி வேறு, மனநிறைவு வேறு என்பதே இக்கொள்கையின் உயிர்நிலை. மனநிறைவு பற்றுறுதியை வளர்க்கும் மூன்றனுள் ஒன்று மட்டுமே. இரண்டாவது, மாற்றுவழி. இந்த உறவை விட்டால் எங்கே போவது, போகும் இடம் இதனினும் மேலானதா என்பது அது. மாற்றுவழி நன்றாக இருந்தால் பற்றுறுதி குறையும். மோசமாக இருந்தால் கூடும். மூன்றாவது, இட்ட முதல். உறவுக்காகச் செலவிட்ட காலம், உழைப்பு, சொல்லிய மறைபொருள்கள், சேர்ந்து வாங்கிய பொருள்கள், உறவின் வழியாக வந்த நண்பர்கள், பிள்ளைகள் ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விலகினால் எது இழக்கப்படுமோ அதுவே இட்ட முதல். எங்கே போனாலும் கூடவே வருவது இக்கணக்கில் சேராது.

சின்னஞ்சிறு எடுத்துக்காட்டு ஒன்றால் இதைத் தெளியலாம். சைனிக்புரி, பெயரே சொல்லுவதுபோல், படைத்துறையினருக்காக எழுந்த குடியிருப்பு. இன்று அங்கே வெளியூர் மாணவர் பலரும் அறை எடுத்துத் தங்குகிறோம். மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் தமிழ் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் அறை அடுப்பாய்க் காய்கிறது, வீட்டுக்காரர் சிடுசிடுக்கிறார். மனநிறைவு சிறிதும் இல்லை. ஆயினும் அவன் வேறு அறைக்குப் போகவில்லை. அதே வாடகையில் அருகில் வேறு அறை இல்லை என்பது மாற்றுவழியின் குறை. முனைக் கடைக்காரர் இப்போதுதான் கடன் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். மெஸ் அம்மா இவனுக்கு மட்டும் காரத்தைக் குறைத்துப் போடுமளவுக்கு இவனது அரைகுறைத் தெலுங்கு பழகியிருக்கிறது. இவை இட்ட முதல். காலி செய்தால் திரும்பி வரும் முன்பணம் இட்ட முதல் ஆகாது. அந்த அம்மாவின் பழக்கம் ஆகும். தெலுங்கும் ஆகாது. அது எத்தெருவுக்குப் போனாலும் கூட வரும். அறைக்கும் உறவுக்கும் ஒரே கணக்கா என்று நகைக்க வேண்டா. வேலையை விடுவோரையும் விடாதோரையும் பற்றி 1981இல் ரஸ்பல்ட்டும் அவருடைய கூட்டாளியும் ஆராய்ந்தபோது, அங்கும் இதே கணக்கைத்தான் கையாண்டனர்.

கொள்கையைச் சொல்வது எளிது. அதைச் சோதித்த முறையே அறியத்தக்கது. 1983இல் வெளியான ஆய்வில், காதல் உறவில் இருந்த கல்லூரி மாணவ மாணவியர் 34 பேரை ஏறத்தாழ ஏழு மாதம் தொடர்ந்து பார்த்தனர். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரே வினாத்தாளைக் கொடுத்து, நிறைவு, மாற்றுவழி, இட்ட முதல், பற்றுறுதி நான்கையும் எண்களால் மதிப்பிடச் செய்தனர். உறவு நீடித்தவர்களிடம் நிறைவு வளர்ந்தது, முதல் பெருகியது, மாற்றுவழியின் மதிப்புத் தேய்ந்தது. தாமே விலகியவர்களிடம் எல்லாம் நேர்மாறாக நடந்தது. இவ்விரண்டும் எதிர்பார்க்கக் கூடியவையே. வியப்பளிப்பவர்கள் மூன்றாம் கூட்டத்தார். துணைவரால் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய மனநிறைவு மிகுதியாக வளரவில்லை. ஆனாலும் மாற்றுவழிகள் தேய்ந்துகொண்டே வந்தன, முதலோ மேன்மேலும் இடப்பட்டது. வலையில் சிக்கியவர் நிலை என்றே ரஸ்பல்ட் இதனைக் குறித்தார். மகிழ்ச்சி இல்லாத இடத்திலும் பற்றுறுதி பெருகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இவர்கள் மாணவர்கள். பிரிந்தாலும் விடுதியில் சோறு உண்டு. உண்மையான சோதனை 1995இல் வந்தது. கணவராலோ துணைவராலோ அடிபட்டு, அடைக்கல இல்லத்துக்கு வந்த நூறு பெண்களின் நேர்காணல்களை ரஸ்பல்ட்டும் மார்ட்ஸும் ஆராய்ந்தனர். யார் திரும்பிப் போகிறார் என்பதே கேள்வி. பொருள் வழியில் மாற்று இல்லாதவர்கள், மணம் முடித்தும் பிறவாறும் மிகுந்த முதல் இட்டவர்கள், கொடுமை ஒப்பளவில் குறைவாக இருந்தவர்கள் ஆகியோரிடம் பற்றுறுதி கூடுதலாக இருந்தது. இல்லத்துக்குள் நுழையும்போது இருந்த அந்தப் பற்றுறுதியே, வெளியேறிய பின் அவர்கள் திரும்பியதையும் திரும்பாததையும் முன்கூட்டிக் காட்டியது. அடிபடுவதில் விருப்பம் உடையவள், தன்மதிப்பு இல்லாதவள் என்றெல்லாம் அப்பெண்களைப் பற்றிச் சொல்லப்பட்ட விளக்கங்களுக்கு இங்கே தேவை ஏற்படவில்லை. விரும்பாமலே சார்ந்திருத்தல் என்பது அவ்வாய்வாளர்கள் இட்ட பெயர். அப்பெயரை நான் மிகவும் பொருத்தமானதாகக் கருதுகிறேன்.

அமெரிக்க அடைக்கல இல்லம் நமக்குத் தொலைவு. நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அது 2005இல் வெளிவந்தது. அவர்கள் உளநூலார் அல்லர், பொருளியலார். ரஸ்பல்ட்டின் கொள்கையைச் சோதிப்பது அவர்கள் நோக்கமும் அன்று. ஆனால் அவர்கள் திரட்டிய எண்கள் மாற்றுவழி என்னும் உறுப்புக்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளன. நாட்டுப்புறத்திலும் நகரிலுமாக 502 பெண்களை அவர்கள் கேட்டார்கள். கேட்ட கேள்விகளுள் ஒன்று, உன் பெயரில் நிலமோ வீடோ உண்டா என்பது.

அவர்களுள் 179 பேர் மணவாழ்வில் நெடுநாள் அடிபட்டவர்கள். அந்த 179 பேரில் வீட்டை விட்டு வெளியேறியவர்கள் 43 பேர் மட்டுமே. சொத்துடைய பெண்களில் நூற்றுக்கு 71 பேர் வெளியேறினர். சொத்தில்லாதவர்களில் நூற்றுக்கு 19 பேரே வெளியேறினர். வெளியேறியவர்களில் 24 பேர் பின்பு திரும்பி வந்துவிட்டனர். திரும்பியவர்களில் நூற்றுக்கு 88 பேர் சொத்தில்லாதவர்கள்.

இந்த எண்களை நாமே சற்றுக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். 71, 19 என்னும் விழுக்காடுகளும் 43 என்னும் தொகையும் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டுமானால், அடிபட்டவர்களில் சொத்துடையோர் 17 பேர் அளவிலும் சொத்தில்லாதோர் 162 பேர் அளவிலும் இருந்திருக்க வேண்டும். முன்னவர்களில் 12 பேர் வெளியேற, 3 பேர் திரும்பினர். பின்னவர்களில் 31 பேர் வெளியேற, 21 பேர் திரும்பினர். ஆகவே, வெளியேறித் திரும்பாமலே இருந்தவர்கள் சொத்துடையோரில் ஏறத்தாழப் பாதி. சொத்தில்லாதோரில் நூற்றுக்கு ஆறு. போவதற்கு இடம் இருந்தால் துணிவு வருகிறது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. துணிந்து வெளியேறிய 31 பேரிலும் 21 பேர் திரும்பினார்களே! அவர்களிடம் துணிவு இருந்தது, கூரை இல்லை.

17 என்பது சிறிய தொகை. அதன்மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது. சொத்துள்ள பெண்ணுக்குப் பிறந்த வீட்டின் ஆதரவும் கல்வியும் கூடுதலாக இருந்திருக்கலாம் அல்லவா என்றும் கேட்கலாம். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவு 502 பேரையும் சார்ந்தது. நிலமும் வீடும் இல்லாத பெண்களில் நூற்றுக்கு 49 பேர் அடிபட்டிருந்தனர்; இரண்டும் உடையவர்களில் நூற்றுக்கு 7 பேர். கல்வி, வருவாய் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் சொத்தின் வலிமை நின்றது. இதில் நுட்பம் ஒன்று இருக்கிறது. மாற்றுவழி என்பது பயன்படுத்தினால்தான் பயன் தரும் என்பதில்லை. மனைவிக்குப் போக இடம் உண்டு என்பதைக் கணவன் அறிந்திருத்தலே அவன் கையைத் தடுக்கிறது. ரஸ்பல்ட்டின் கணக்கு ஒருவர் உள்ளத்தை மட்டும் அளக்கிறது. இங்கே ஒருவரின் மாற்றுவழி மற்றவரின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது.

சட்டத்தையும் இக்கண்ணோடு படிக்கலாம். தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுவதற்கும் 2005இலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கொத்த பங்கு வந்தது. இது மாற்றுவழியைப் பெருக்கும் ஏற்பாடு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வகையில் வேலை செய்கிறது. கணவனோடு வாழ்ந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் உரிமையை மனைவிக்கு அது தருகிறது. அடிப்பவனை அவ்வீட்டிலிருந்து விலக்கி வைக்கவும் நீதிமன்றத்தால் ஆணையிட முடியும். உறவிலிருந்து விலகுபவள் வீட்டையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை என்றால், வீடு இட்ட முதலின் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. ஒரு சட்டம் இரண்டாம் உறுப்பைத் தொடுகிறது; மற்றது மூன்றாம் உறுப்பைத் தொடுகிறது.

கொள்கையின் வலிமை எவ்வளவு? 2003இல் லேயும் அக்ன்யூவும் 52 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். அவற்றில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குகொண்டிருந்தனர். பற்றுறுதியில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அளவை இம்மூன்று உறுப்புகளும் விளக்கின. உளநூலில் இது பெரிய அளவே. மூன்றனுள் நிறைவே வலிமை மிக்கதாக இருந்தது. அப்படியானால் திருவனந்தபுரம் சொல்வது என்ன? ஒன்றுசேர்த்த ஆய்வுகளில் மிகப் பல, மேற்கு நாட்டு மாணவர்களைப் பற்றியவை. வீடு, நிலம், பிள்ளை எதுவும் இல்லாதவர்களிடம் நிறைவு மேலோங்குவது இயல்பே. யாரை அளந்தோம் என்பதைப் பொறுத்து உறுப்புகளின் எடையும் மாறும் என்று நான் கொள்கிறேன்.

இன்னொரு சிக்கல் இதனினும் ஆழமானது. மாற்றுவழியை அளக்கும் வினாத்தாள், மாற்று எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. எப்படித் தோன்றுகிறது என்றே கேட்கிறது. ஜான்சனும் ரஸ்பல்ட்டும் 1989இல் காட்டியபடி, பற்றுறுதி மிக்கவர்கள், அழகும் பண்பும் உள்ள வேறொருவரைக் காட்டினாலும் அவரைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். மாற்றுவழி இல்லாமையால் பற்றுறுதி வளர்கிறது. வளர்ந்த பற்றுறுதி மாற்றுவழியைக் கண்ணுக்கு மறைக்கிறது. நல்ல உறவில் இது காவல். கெட்ட உறவில் இதுவே கண்கட்டு. ஒருத்தி 'எனக்குப் போக இடமே இல்லை' என்று சொல்லும்போது, உண்மையிலேயே இல்லையா, இருந்தும் தோன்றவில்லையா என்பதை வினாத்தாளின் எண் பிரித்துக் காட்டாது. அதற்கு அருகில் அமர்ந்து, வங்கிக் கணக்கு யார் பெயரில், நகை யாரிடம், தாய்வீட்டில் கதவைத் திறப்பவர் யார், பிள்ளைகளின் பள்ளிக்கு அங்கிருந்து பேருந்து உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும்.